சுவாமிமலைல காலை பதினொன்றரைக்கு அனுப்புன மெயில்: நடராஜர் கையை ரெண்டு தடவை பண்ண வேண்டி வந்த கதை

சுவாமிமலைல ஒரு வார்ப்புப் பட்டறை, பேர் வேண்டாம். வெளிநாட்டுக் கோயில் கமிட்டிங்களுக்குப் பஞ்சலோக விக்கிரகம் பண்ணி அனுப்புறவங்க. வேலைல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா 2025 மார்ச்சுல ரெண்டடி நடராஜர் ஒண்ணுக்கு முன் இடது கையை மெழுகுல ரெண்டாவது தடவை பண்ண வேண்டி வந்துச்சு, அதுக்குக் காரணம் ஸ்தபதியும் இல்ல மெழுகும் இல்ல, மெயில் போய்ச் சேர்ந்த நேரம். அதுக்கப்புறம்தான் அவங்க மெயில் வேலை என் கைக்கு வந்துச்சு, நான் கும்பகோணத்துல இந்த மாதிரி நாலஞ்சு பட்டறைக்கு ஆபீஸ் வேலை பாக்குறேன். பழைய மெயிலெல்லாம் எடுத்து வச்சு என்ன நடந்துச்சுன்னு வரிசையா பாத்தோம், அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல, ஒரு மெயிலுக்கு ஏன் இவ்ளோ அவசரம்னு தெரியணும். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூணையும் காய்ச்சிக் கலந்து அதுலதான் உருவம் புடிப்பாங்க. கை கால் எல்லாம் தனித்தனியா பண்ணி ஒட்டி, நகாசு வேலை முடிஞ்சதும் காவிரி வண்டல் மண்ணை நைசா அரைச்சு முதல் பூச்சு பூசுவாங்க. மண்ணு ஏறுன பிறகு மெழுகுல ஒரு கோடு கூட மாத்த முடியாது, அடுத்து அந்த உருவத்தைப் பாக்குறது வார்த்து மண்ணை உடைக்கும்போதுதான். அதனால மண்ணு பூசுறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் கமிட்டிக்கு அனுப்பி, சரின்னு எழுத்துல பதில் வாங்கணும். அதே சமயம் மெழுகை ரொம்ப நாள் வச்சிருக்கவும் முடியாது, மாசி பங்குனி வெயில்லயே மெல்லிசான இடமெல்லாம் தொய்ய ஆரம்பிச்சிரும், தண்ணில வச்சு வச்சுக் காப்பாத்தணும். நீட்டுன கை, விரல், விரிசடை, இதெல்லாம்தான் முதல்ல போகும்.

இந்தக் கமிட்டில மூணு பேர் பதில் சொல்லணும். தலைவர் நியூஜெர்சி. சிற்ப லட்சணம் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் கலிபோர்னியா. பணம் கொடுக்குற உபயதாரர் லண்டன். மூணு பேருக்கும் ஒரே மெயில்தான் போகும். வாட்ஸ்அப்ல அனுப்பலாமேன்னு கேப்பீங்க, கமிட்டி ரெக்கார்டுக்கு மெயில்தான் வேணும்னு அவங்களே சொல்லிட்டாங்க.

இப்ப நடந்தது. 2025 மார்ச் 8, சனிக்கிழமை. காலைல நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்துப் பதினொன்றரைக்கு மெயில் போச்சு, கூடவே "நாளைக்குள்ள சொல்லிருங்க, திங்கக்கிழமை மண்ணு பூசணும்"னு ஒரு வரி. பட்டறைக்கு சனிக்கிழமை வேலை நாள், பதினொன்றரைன்னா முழு சுறுசுறுப்பான நேரம். அதே நொடி நியூஜெர்சில வெள்ளிக்கிழமை முடிஞ்சு ராத்திரி ஒரு மணி. கலிபோர்னியால இன்னும் வெள்ளிக்கிழமையே முடியல, ராத்திரி பத்து. லண்டன்ல சனிக்கிழமை காலை ஆறு.

லண்டன்காரர் எந்திரிச்சதும் பாத்துட்டு, ரொம்ப அழகா இருக்குன்னு எல்லாருக்கும் பதில் போட்டாரு. அவருக்கு லட்சணம் பத்திக் கருத்து சொல்ற பழக்கமே கிடையாது, ஆனா அவர் பதில்தான் முதல் பதில். நியூஜெர்சி தலைவர் காலைல எந்திரிக்கும்போது ராத்திரி வந்த மத்த மெயிலோட இதுவும் கெடந்துச்சு, சனி ஞாயிறு கோயில் வேலைலயே போயிருச்சு, ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு "ஓகே, ப்ரொசீட்"னு எழுதுனாரு. அது நமக்குத் திங்கக்கிழமை விடிகாலை அஞ்சரை. கலிபோர்னியா பெரியவர் வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கப்போற நேரத்துல போன்ல தலைப்பை மட்டும் பாத்துட்டு மூடிட்டாரு. படிக்காதது மாதிரி இருந்தாத்தான் மறுபடி கண்ணுல படும், இது பாத்த மெயிலாயிருச்சு, மேல வேற மெயில் ஏறிருச்சு. திங்கக்கிழமை அவரோட காலை ஒம்பது மணிக்குத்தான் கம்ப்யூட்டர்ல பெருசா தொறந்து பாத்தாரு. பாத்த உடனே எழுதிட்டாரு: முன் இடது கை தூக்கின திருவடியைக் காட்டணும், விரல் நுனி வெளிப்பக்கமா விலகி இருக்கு, சரி பண்ணுங்க.

அது பட்டறைக்கு வந்து சேர்ந்தது திங்கக்கிழமை ராத்திரி ஒம்பதரை தாண்டி. ஆனா காலைலயே ரெண்டு "சரி" இருக்குறதைப் பாத்துட்டு முதல் பூச்சு பூசியாச்சு. செவ்வாய்க்கிழமை காலைல ஈர மண்ணைக் கழுவி எடுத்தாங்க, கழுவுறதுல விரல் நகாசு போச்சு, கையை வெட்டி எடுத்துப் புதுசா பண்ணி ஒட்டுனாங்க.

மூணாவது ஆள் பதில் வராம ஏன் பூசுனீங்கன்னு கேக்கலாம், நியாயமான கேள்விதான். அதுக்கு ஸ்தபதி அய்யா சொன்ன பதில்: "அவரு எப்பவும் ஒரு நாள் கழிச்சுத்தான் எழுதுவாரு தம்பி, மெழுகு காத்திருக்காது". பழைய மெயிலெல்லாம் பாத்தா அவர் சொன்னது நெஜம். கலிபோர்னியா பதில் எப்பவுமே ஒரு நாள் பிந்தித்தான் வந்திருக்கு, ஏன்னா பட்டறை மெயில் எப்பவுமே அவருக்கு ராத்திரி ஒம்பதுக்கு மேல பதினொண்ணுக்குள்ளதான் போயிருக்கு. அவர் மெதுவா பதில் சொல்ற மனுஷன் இல்ல. தொறந்து பாத்தார்னா அரை மணி நேரத்துல எழுதிர்றாரு. அவர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற நேரத்துக்கு மெயில் போறதே இல்ல, அவ்ளோதான் விஷயம்.

யார் எந்த நேரத்துல இருக்காங்க

யாருக்கு எப்ப அனுப்பணும்னு முடிவு பண்ண முதல்ல அவங்க எங்க இருக்காங்கன்னு உறுதியா தெரியணும். போன் நம்பரை நம்ப முடியாது, அமெரிக்கால ஊர் மாறுனாலும் பழைய ஏரியா கோடு நம்பரையே வச்சுக்குவாங்க. நம்பகமான இடம் அவங்க நமக்கு எழுதுன மெயில்தான். ஜிமெயில்ல அந்த மெயிலைத் தொறந்து, மூணு புள்ளியை அமுக்கி, `Show original` போனா உள்ள இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Date: Mon, 10 Mar 2025 09:10:22 -0700
```

கடைசில இருக்குற -0700தான் முக்கியம், உலகப் பொது நேரத்துக்கு ஏழு மணி நேரம் பின்னாடின்னு அர்த்தம். நம்மது +0530. ரெண்டுக்கும் நடுவுல பன்னெண்டரை மணி நேரம்.

ஆனா ஒரே ஒரு மெயிலை வச்சு முடிவு பண்ணக்கூடாது. மார்ச்சுல -0700ன்னா கலிபோர்னியாவும் இருக்கலாம் அரிசோனாவும் இருக்கலாம், அரிசோனால பெரும்பாலான இடத்துல கடிகாரத்தை மாத்துறதே இல்ல. அதே ஆளோட ஜனவரி மெயில் ஒண்ணைப் பாத்தா தெரிஞ்சிரும், கலிபோர்னியான்னா -0800, அரிசோனான்னா அப்பவும் -0700தான். இன்னொண்ணு, சில ஆபீஸ் மெயில் சர்வர்ங்க ஆள் எங்க இருந்தாலும் +0000ன்னே போட்டு அனுப்பும், அதைப் பாத்துட்டு லண்டன்னு நெனைச்சிறக்கூடாது. ஜூலைலயும் +0000ன்னு வந்தா அது லண்டன் நேரம் இல்ல, ஏன்னா அப்ப லண்டன் +0100ல இருக்கணும். அந்த மாதிரி ஆளுங்கள நேரா கேட்டுட்டோம், யாரும் தப்பா எடுத்துக்கல.

ராத்திரி ஒம்பதரை

கடிகாரம் மாத்துற விஷயம் நம்ம ஊர்ல இல்லாததால யாருக்கும் ஞாபகம் இருக்காது. பட்டறை சுவத்துல ஜனவரில ஒரு அட்டை எழுதி ஒட்டியிருந்தாங்க, லண்டன் அஞ்சரை, நியூஜெர்சி பத்தரை, கலிபோர்னியா பதிமூணரை மணி நேரம் பின்னாடின்னு. ஜனவரிக்கு அது சரி. அமெரிக்கால மார்ச் ரெண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பாங்க. இங்கிலாந்துல மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. 2025ல அமெரிக்கா மார்ச் 9, இங்கிலாந்து மார்ச் 30. அதனால நடுவுல மூணு வாரம் நியூஜெர்சி ஒம்பதரை ஆயிருச்சு, லண்டன் மட்டும் அஞ்சரைலயே நிக்குது. அட்டையை ஏப்ரல்ல மாத்தி எழுதுனாலும் அந்த மூணு வாரமும், அக்டோபர் கடைசில ஒரு வாரமும் தப்பாத்தான் இருக்கும்.

இதுக்காக வருஷத்துக்கு நாலு தடவை அட்டை மாத்துறது நடக்காத காரியம். அதுக்குப் பதிலா கடிகாரம் எந்தப் பக்கம் இருந்தாலும் மூணு பேருக்கும் ஒத்து வர்ற ஒரு நேரத்தை நம்ம கணக்குலயே தேடுனோம். முதல்ல சாயங்காலம் ஆறு மணி பாத்தோம். நியூஜெர்சிக்கு கோடைல காலை எட்டரை, குளிர்காலத்துல ஏழரை, ரொம்ப நல்லாருக்கு. லண்டன்ல மதியம். ஆனா கலிபோர்னியால விடிகாலை அஞ்சரை, நாலரை. எந்த ஆளுக்காக இவ்ளோ பாடு படுறோமோ அவரைத் திரும்பவும் தூக்கத்துல எழுப்புறதா ஆயிரும், மெயிலும் ஒம்பது மணிக்குள்ள அடில போயிரும்.

ராத்திரி ஒம்பதரை சரியா வந்துச்சு. கலிபோர்னியால கோடைல காலை ஒம்பது, குளிர்ல எட்டு. நியூஜெர்சில மதியம் பன்னெண்டு, இல்லன்னா பதினொண்ணு. லண்டன்ல சாயங்காலம் அஞ்சு, இல்லன்னா நாலு. நடுவுல வர்ற குழப்பமான வாரத்துலயும் இதுக்குள்ளதான் இருக்கும். தலைவருக்குக் காலைல முதல் மெயிலா போகாது, மதியம்தான் போகும், அதுல கொஞ்சம் நஷ்டம்தான். ஆனா எந்த ஆளோட பதில் வந்தாத்தான் வேலை நகருமோ அந்த ஆளோட காலைக்குக் குறி வைக்கணும், மத்தவங்களுக்கு முழிச்சிருக்குற நேரமா இருந்தாலே போதும்னு நான் பிடிவாதமா நின்னேன். இப்ப பதில் எல்லாம் நமக்கு ராத்திரில வருது, காலைல பட்டறை தொறக்கும்போது மூணு பேர் பதிலும் இருக்கு. மெழுகு ஒரு ராத்திரி மட்டும் தண்ணில நின்னா போதும்.

கிழமையும் உண்டு. சனிக்கிழமை எடுத்த போட்டோ திங்கக்கிழமை ராத்திரி ஒம்பதரைக்குத்தான் போகும். அதனால இப்ப மெழுகு வேலை முடிக்குற நாளையே திங்கள்லேர்ந்து வியாழனுக்குள்ள வர்ற மாதிரி ஸ்தபதி அய்யா மாத்திக்கிட்டாரு. வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்புனா அங்க வெள்ளிக்கிழமை பகல்தான், போகலாம், ஆனா அன்னைக்குப் பதில் வரலன்னா திங்கக்கிழமைதான்.

சிட்னில இருக்குற இன்னொரு வாடிக்கையாளருக்கு இது ஆகாது, நமக்கு ஒம்பதரைன்னா அங்க நடுராத்திரி தாண்டி ரெண்டு, மூணு மணி. அவருக்கு நம்ம விடிகாலை நாலரை. அங்க காலை ஒம்பது, அவங்க கடிகாரத்தைத் தள்ளி வச்சிருக்குற அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் பத்து.

அனுப்புறதுல வர்ற சிக்கல்

விடிகாலை நாலரைக்கு யாரும் எந்திரிச்சு அனுப்பப் போறதில்ல, அதுக்குத்தான் ஜிமெயில்ல `Schedule send` இருக்கு, 2019லேர்ந்து. அனுப்புற பட்டன் பக்கத்துல இருக்குற அம்புக்குறியை அமுக்குனா வரும். அதுல முதல்ல கண்ணுல படுறது `Tomorrow morning`, எட்டு மணின்னு போட்டிருக்கும். நெறைய பேர் இதை அமுக்கிட்டு அவங்களுக்குக் காலைல போயிரும்னு நெனைக்கிறாங்க. அந்த எட்டு நம்ம எட்டு. நியூஜெர்சில அது முந்தின நாள் ராத்திரி பத்தரை, குளிர்காலத்துல ஒம்பதரை. வாங்குறவர் எந்த ஊர்ல இருக்காருன்னு ஜிமெயிலுக்குத் தெரியாது, நாம அனுப்புற கணக்கோட நேரத்தை வச்சுத்தான் போகும். அதனால `Pick date & time` போய் நம்ம நேரத்துல கணக்குப் பண்ணிப் போடணும்.

பட்டறைல சொந்த டொமைன் மெயில் வச்சிருந்தாங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பழைய அவுட்லுக். அதுலயும் `Delay Delivery`ன்னு ஒண்ணு இருக்கு, அதையே வச்சுக்கலாம்னு சொன்னாங்க, சரின்னுட்டேன். அக்டோபர்ல மழை வந்துச்சு. ஒரு புதன்கிழமை சாயங்காலம் கரண்ட் போயி ராத்திரி வரைக்கும் வரல. ஐமேப் கணக்குல பழைய அவுட்லுக் மெயிலைத் தன்கிட்டயே `Outbox`ல வச்சிருக்கும், குறிச்ச நேரத்துல கம்ப்யூட்டரும் அவுட்லுக்கும் ஓடிக்கிட்டிருந்தாத்தான் போகும். மறுநாள் காலைல ஒம்பது நாப்பதுக்கு ஆபீஸ் பையன் கம்ப்யூட்டரைப் போட்டான், அந்த நிமிஷமே மெயில் கெளம்பிருச்சு, நியூஜெர்சில நடுராத்திரி பன்னெண்டு பத்து. பழைய எடத்துக்கே வந்தாச்சு.

இது நடந்ததே தெரியாம போயிருக்கும், ஒரு விஷயம் பண்ணி வச்சிருந்ததால தெரிஞ்சுச்சு. எல்லா மெயிலுக்கும் பட்டறையோட இன்னொரு ஜிமெயில் முகவரியையும் சேர்த்துக்குறோம். அங்க வந்த மெயிலை `Show original`ல தொறந்து `Received:` வரிங்களைக் கீழேர்ந்து மேல படிச்சா மெயில் உண்மையா எப்ப கெளம்புச்சு, எப்ப சேர்ந்துச்சுன்னு தெரியும். `Date:` வரிய மட்டும் பாத்தா பத்தாது, அதை எழுதுறது அனுப்புற மென்பொருள். அதுக்கப்புறம் டொமைன் முகவரியையே ஜிமெயில் வழியா அனுப்புற மாதிரி அமைச்சிட்டோம். ஜிமெயில்ல போட்டு வச்சா அது கூகுள் சர்வர்ல இருக்கும், கரண்ட் இருந்தா என்ன போனா என்ன.

ஜிமெயில்லயும் ரெண்டு இடத்துல கவனம் வேணும். போட்டு வச்ச மெயில்ல ஒரு எழுத்தை மாத்தணும்னாலும் `Cancel send` அமுக்கணும், அமுக்குன உடனே அது `Drafts`க்குப் போயிரும், திருத்திட்டுத் திரும்ப நேரம் போடலன்னா அங்கயே கெடக்கும். இன்னொண்ணு அதைவிட ஆபத்து. மத்தியானம் நாம ஒரு மெயில் எழுதி ராத்திரிக்குப் போட்டு வைக்குறோம், "நாளைக்கு ரெண்டாவது பூச்சு போடுறோம்"னு. நடுவுல சாயங்காலம் லண்டன்லேர்ந்து ஒரு சந்தேகம் கேட்டு மெயில் வருது. போட்டு வச்ச மெயில் அதைப் பாத்து நிக்காது, பாட்டுக்குப் போயிரும், அவர் கேட்டதை நாம மதிக்கலன்னு ஆயிரும். அதனால ராத்திரி ஒம்பது மணிக்கு ஒருத்தர் போன்ல `Scheduled` பெட்டியையும் வந்திருக்குற மெயிலையும் ஒரு தடவை பாக்கணும்னு வச்சிருக்கோம். இந்த ஒரு வேலையை மட்டும் மெஷின் கையில விட முடியல.

மெயிலுக்குள்ள எழுதுறதும் மாறுச்சு. "நாளைக்குள்ள", "இன்னைக்கு சாயங்காலம்" ரெண்டுமே எழுதுறதில்ல. கிழமை, தேதி, அவங்க ஊர் நேரம், மூணும் எழுதுறோம். ஒரு மணி நேர வித்தியாசம் மெயிலுக்குப் பெருசில்ல, ஆனா மெயில்ல வீடியோ கால் நேரம் சொன்னா அது பெருசு. 2025 அக்டோபர் 31 வெள்ளிக்கிழமை, நியூஜெர்சி தலைவருக்கு, வர்ற திங்கக்கிழமை கால் வைக்கலாம், நமக்கு ராத்திரி ஒம்பதரை, உங்களுக்கு மதியம் பன்னெண்டுன்னு எழுத இருந்தாங்க. போன்ல உலகக் கடிகாரத்தைப் பாத்துத்தான் கணக்குப் போட்டிருந்தாங்க, ஆனா அது இன்னைக்கு இருக்குற வித்தியாசத்தைத்தான் காட்டும். நவம்பர் 2 அமெரிக்கால கடிகாரம் மாறுது, திங்கக்கிழமை அது பதினொண்ணு. அந்த வரி அப்படியே போயிருந்தா அவர் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருப்பாரு. வர்ற தேதிக்கு நேரம் பாக்கணும்னா கூகுள் காலண்டர்ல அந்தத் தேதிக்கு ஒரு நிகழ்வு போட்டு, நேர மண்டலத்தை அவங்க ஊருக்கு மாத்தி சேமிச்சா, நமக்கு எத்தனை மணின்னு காலண்டர்ல சரியா விழும்.

இப்ப கமிட்டில நாலாவதா ஒரு அம்மா சேர்ந்திருக்காங்க, சிங்கப்பூர், கணக்கு வழக்கு பாக்குறவங்க. நமக்கு ஒம்பதரைன்னா அவங்களுக்கு நடுராத்திரி பன்னெண்டு. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நேரம் கெடைக்கவே கெடைக்காது, போட்டுப் பாத்தாச்சு. அதே மெயிலைத் தனியா அவங்களுக்கு மட்டும் காலைல அனுப்புனோம், அவங்க பதில் நமக்கு மட்டும் வந்துச்சு, மத்த மூணு பேருக்கும் போகல, நாம ஒட்டிக் கொடுக்க வேண்டியதாச்சு. மெழுகு போட்டோவுக்கு அவங்க சம்மதம் தேவையில்லன்னு தலைவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு அந்த மெயில்லேர்ந்து அவங்களை எடுத்துட்டோம். பில்லு, முன்பணம், கப்பல் செலவு சம்பந்தப்பட்டது மட்டும் அவங்களுக்கு நம்ம காலை ஆறரைக்குப் போகுது, சிங்கப்பூர்ல அப்ப ஒம்பது மணி, அங்க வருஷம் பூரா கடிகாரம் மாறாததால அதுக்கு வேற கணக்கே கிடையாது.